விளம்பரமே போடாத சின்ன கம்பெனிக்கு வேலை கேட்டு எழுதலாமா? (கிருமாம்பாக்கம், தின்பண்டத் தயாரிப்பு)

மஞ்சை நிலா
வணக்கம். பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி முடித்துவிட்டு ஒரு பால் கம்பெனி லேபில் இரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். வீடு கடலூர் மஞ்சக்குப்பம். கிருமாம்பாக்கத்தில் முறுக்கு, மிக்சர், காராசேவ் போட்டு பாக்கெட்டில் விற்கும் ஒரு சின்ன கம்பெனி இருக்கிறது. அவர்கள் ஆள் தேவை என்று எங்கேயும் விளம்பரம் போடவில்லை. வெப்சைட்டில் வேலைவாய்ப்புப் பக்கமும் இல்லை, ஒரு பொதுவான மெயிலும் பாக்கெட்டில் ஒரு போன் நம்பரும்தான். அங்கே எனக்கு ஏற்ற வேலை இருக்குமா என்று எழுதிக் கேட்கலாம் என நினைக்கிறேன். இதுதான் நான் எழுதி வைத்திருப்பது:

> மதிப்பிற்குரிய ஐயா / அம்மா, நான் பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி பட்டதாரி. கடின உழைப்பும் கற்றுக்கொள்ளும் ஆர்வமும் உள்ளவள். தங்கள் மேலான நிறுவனத்தில் என் தகுதிக்கேற்ற காலிப் பணியிடம் ஏதேனும் இருப்பின் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். என் பயோடேட்டாவை இணைத்துள்ளேன்.

இது போதுமா? இதில் என்ன மாற்றலாம்?

சில்வர்பீச் செந்தில்
போதாதும்மா. இந்த மாதிரி லெட்டர் எல்லாருக்கும் தினம் பத்து வருது, படிக்காமலே தள்ளிடுவாங்க. நீ என்ன பண்ணணும்னா, அவங்க பாக்கெட்ட வாங்கி லேபிள்ல என்ன தப்பு இருக்குன்னு கண்டுபிடி. கண்டிப்பா ஏதாவது இருக்கும். அதை முதல் வரியிலயே போடு. "உங்க லேபிள்ல இந்த இந்த தப்பு இருக்கு, நான் வந்தா சரி பண்ணுவேன்"னு எழுது. விஷயம் தெரிஞ்ச பொண்ணுன்னு உடனே கூப்பிடுவாங்க. கூடவே மார்க் ஷீட், டிகிரி, அனுபவச் சான்று எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி அனுப்பு. ஒரு கம்பெனிக்கு மட்டும் ஏன்? பிசிசி-ல முப்பது கம்பெனிக்கு ஒரே நேரத்துல தட்டு.

உப்பளம் க்யூசி
செந்தில் தம்பி சொன்னதில் பாக்கெட்டை வாங்கிப் பார் என்பது மட்டும் சரி. மற்றதெல்லாம் கெடுக்கும். அதற்குப் பிறகு வருகிறேன்.

நிலா, உங்கள் கடிதத்தில் மரியாதைக்குக் குறையில்லை. கேள்விதான் தப்பான இடத்தில் இருக்கிறது. "காலிப் பணியிடம் இருக்கிறதா" என்று கேட்டால் பதில் "இல்லை" என்றுதான் வரும், ஏனென்றால் உண்மையிலேயே இல்லை. இருபது முப்பது பேர் வேலை செய்யும் இடத்தில் பணியிடப் பட்டியல் என்று எதுவும் கிடையாது. முதலாளி தலையில் இருப்பது வேலைகள்தான்: லேபுக்கு சாம்பிள் போகவில்லை, கடைக்காரர் சிக்கு வாடை என்று பாக்கெட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார், லைசென்ஸ் தேதி நெருங்குகிறது, ஆடிட்டர் எதையோ கேட்கிறார். இப்போது இதையெல்லாம் அவரே பார்க்கிறார், இல்லையென்றால் அவர் மைத்துனர் பார்க்கிறார். உங்கள் செய்தி அந்த வேலைகளில் ஒன்றையாவது பெயர் சொல்லிக் குறிப்பிட்டால், "இந்தப் பெண்ணிடம் இதைத் தள்ளிவிடலாமே" என்று அவருக்குத் தோன்ற வழி இருக்கிறது. "என் தகுதிக்கேற்ற" என்று விட்டால், அந்தப் பொருத்தத்தைக் கண்டுபிடிக்கும் வேலையும் அவர் தலையில்தான் விழும். அவர் அதைச் செய்ய மாட்டார்.

அந்த வேலைகள் என்னென்ன என்பதை வெளியிலிருந்தே ஓரளவு தெரிந்துகொள்ளலாம். ஒரு பாக்கெட் வாங்கி, அதன் பின்பக்கத்தில் இருப்பதை அப்படியே இங்கே எழுதுங்கள். கம்பெனி பெயரும் போன் நம்பரும் வேண்டாம்.

பண்ருட்டி கோபால்
வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்திருக்கிறீர்களா? புதுப்பிக்கத் தவறினால் சீனியாரிட்டி போய்விடும். தமிழ்நாட்டுப் பதிவை வைத்து புதுச்சேரி கம்பெனிக்குப் போக முடியுமா என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

உப்பளம் க்யூசி
கோபால் ஐயா, இது தனியார் கம்பெனி. வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. கடலூர்க்காரர் கிருமாம்பாக்கத்தில் வேலை பார்க்க எந்தத் தடையும் கிடையாது, தினமும் எத்தனையோ பேர் போய்வருகிறார்கள்.

மஞ்சை நிலா
அக்கா, வாங்கிப் பார்த்தேன். மிக்சர், 200 கிராம்.
எஃப்எஸ்எஸ்ஏஐ எண் 14 இலக்கம், 1-ல் தொடங்குகிறது.
"தயாரிப்பு" என்று கிருமாம்பாக்கம் முகவரி. "சந்தைப்படுத்துபவர்" என்று வேறு எதுவும் இல்லை.
பேட்ச் எண், தயாரித்த தேதி இரண்டும் ரப்பர் ஸ்டாம்ப். ஒரு பாக்கெட்டில் பாதி அழிந்திருக்கிறது.
சத்து அட்டவணை 100 கிராமுக்கு மட்டும். ஒரு தடவை சாப்பிடும் அளவுக்கு எவ்வளவு, தினசரித் தேவையில் எத்தனை சதவீதம் என்பது இல்லை.
எண்ணெய் பாமோலின் என்று போட்டிருக்கிறது.

சில்வர்பீச் செந்தில்
பாத்தீங்களா, ரெண்டு தப்பு கைல கிடைச்சாச்சு.

உப்பளம் க்யூசி
அவசரப்படாதே தம்பி. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் அந்த 14 இலக்க எண். 1-ல் தொடங்கினால் லைசென்ஸ், 2-ல் தொடங்கினால் வெறும் பதிவு. பதிவு என்பது குடிசைத்தொழில் அளவில் மிகச் சின்னதாகச் செய்பவர்களுக்கு, அங்கே லேப் படித்தவருக்குச் சம்பளம் கொடுக்கும் அளவுக்கு வியாபாரம் இருப்பது அபூர்வம். இவர்களுடையது லைசென்ஸ். உணவு தயாரிக்கும் லைசென்ஸுக்கு உள்ள நிபந்தனைகளில் இரண்டு உங்களுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டவை. ஒன்று, தயாரிப்பை மேற்பார்வை பார்க்க ஒரு தொழில்நுட்ப ஆளாவது இருக்க வேண்டும். அவர் வேதியியல், உயிர்வேதியியல், உணவும் ஊட்டச்சத்தும், நுண்ணுயிரியல் இவற்றில் ஒன்று படித்த அறிவியல் பட்டதாரியாகவோ, உணவுத் தொழில்நுட்பத்தில் பட்டமோ டிப்ளமோவோ பெற்றவராகவோ இருக்கலாம். மைக்ரோபயாலஜி அந்தப் பட்டியலிலேயே இருக்கிறது. இரண்டு, ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது பொருளை லேபில் சோதித்து அறிக்கை வைத்திருக்க வேண்டும்.

இதைப் படித்ததும் "உங்களிடம் அந்த ஆள் இல்லை, நான் வருகிறேன்" என்று எழுதத் தோன்றும். எழுதாதீர்கள். லைசென்ஸ் இருக்கிறது என்றால் விண்ணப்பத்தில் யாரோ ஒருவர் பெயர் ஏற்கெனவே போயிருக்கிறது. அது தினமும் வரும் ஆளாக இருக்கலாம், மாதம் ஒரு முறை எட்டிப் பார்க்கும் கன்சல்டன்ட்டாக இருக்கலாம், முதலாளியின் மகளாகவும் இருக்கலாம். வெளியிலிருந்து அது உங்களுக்குத் தெரியாது. எனவே பெயர் சொல்ல வேண்டியது வேலையைத்தான், காலியிடத்தை அல்ல.

அடுத்தது, தயாரிப்பும் விற்பனையும் ஒரே முகவரியா என்று பார்த்தது நல்லது. "சந்தைப்படுத்துபவர்" என்று வேறொரு பெயர் இருந்தால், நமக்குத் தெரிந்த பிராண்டுக்காரரிடம் அடுப்பே இருக்காது, பொருள் வேறு எங்கோ தயாராகிவரும். அங்கே எழுதினால் வீண். எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் லைசென்ஸ் தளமான FoSCoS-ல் `FBO Search` பக்கத்தில் அந்த 14 இலக்க எண்ணைப் போட்டுப் பாருங்கள், லைசென்ஸ் யார் பெயரில், எந்த முகவரியில் என்று வரும். கடைக்காரரிடம் அவர்கள் கொடுத்த பில் இருந்தால் ஜிஎஸ்டி எண்ணையும் பாருங்கள். 34-ல் தொடங்கினால் புதுச்சேரிப் பதிவு, 33 என்றால் தமிழ்நாடு. ஜிஎஸ்டி தளத்தின் `Search Taxpayer` பக்கத்தில் அந்த எண்ணைக் கொடுத்தால் தனி உரிமையா, கூட்டாண்மையா, பிரைவேட் லிமிடெட்டா என்று தெரியும். தனி உரிமை என்றால் சட்டப்பூர்வப் பெயர் என்ற இடத்தில் முதலாளியின் பெயரே இருக்கும். "ஐயா / அம்மா" என்று சாய்கோடு போட்டு எழுத வேண்டிய அவசியம் அதோடு தீர்ந்தது.

சில்வர்பீச் செந்தில்
சரி அக்கா, அப்ப சதவீதம் போடாதத ஏன் சொல்லக் கூடாது? அது ரூல்ஸ்படி தப்புதானே?

உப்பளம் க்யூசி
2020 லேபிள் விதிகளின்படி ஒரு பரிமாறலுக்கு தினசரித் தேவையில் எத்தனை சதவீதம் என்று போட வேண்டும் என்பது சரி. 2000 கிலோகலோரி, மொத்தக் கொழுப்பு 67 கிராம், சோடியம் 2000 மில்லிகிராம் என்ற அடிப்படையில் கணக்கிட வேண்டும். ஆனால் அந்தக் கம்பெனி இப்போது புது கவர் அடித்துக்கொண்டிருக்கலாம், நிலா வாங்கியது பழைய ஸ்டாக்காகவும் இருக்கலாம். அதைவிட முக்கியம், முன்பின் தெரியாத ஒருவர் "உங்கள் லேபிளில் தப்பு" என்று மெயில் அனுப்பினால் முதலாளிக்கு அது வேலை விண்ணப்பமாகப் படாது. புகார் வரப்போகிறது என்றோ, காசு கேட்கப்போகிறார்கள் என்றோதான் படும்.

வில்லியனூர் பேக்கிங்
நான் இந்தப் பக்கம் இருந்து சொல்றேன். நம்மளுது உணவு இல்ல, அட்டைப்பெட்டி. ஆனா சின்ன கம்பெனி ஓனர் எல்லாரும் ஒரே ஜாதிதான்.

லேபிள் தப்புன்னு ஆரம்பிக்கிற மெயில் வந்தா நான் செய்யுற முதல் காரியம் ஆடிட்டருக்கு ஃபார்வர்ட் பண்றது. அடுத்தது அந்த ஆளு நம்பர பிளாக் பண்றது. போட்டிக் கம்பெனிக்காரன் ஆளா இருக்குமோன்னு கூட தோணும்.

மெயில் எல்லாம் போன்லதான் பாக்குறேன், லோடு ஏறிக்கிட்டு இருக்கும்போது. எட்டு எம்பி பிடிஎஃப் வந்தா திறக்க மாட்டேன். பதினாலு மார்க் ஷீட் வந்தா அதுவும் திறக்க மாட்டேன். ஸ்க்ரோல் பண்ணாம தெரியுற அளவு மட்டும்தான் படிப்பேன். அதுல மூணு விஷயம் வேணும். யாரு, என்ன வேலை தெரியும், எந்த ஊரு. எந்த ஊருங்கிறது ரொம்ப முக்கியம். தூரத்துல இருந்து வர்றவங்க மூணு மாசத்துல நின்னுடறாங்க.

பிசிசி விஷயம்: தம்பி, பெறுநர் இடத்துல உன் பேரே இருந்தா ஊருக்கே போட்ட லெட்டர்னு யாருக்கும் தெரியும்.

மஞ்சை நிலா
நன்றி சார். மெயிலா வாட்ஸ்அப்பா என்பதிலும் குழப்பம். பாக்கெட்டில் இருப்பது வாடிக்கையாளர் குறைகளுக்கான நம்பர்.

வில்லியனூர் பேக்கிங்
அந்த நம்பருக்கு வாட்ஸ்அப் அனுப்பினா எடுக்கிறது ஆஃபீஸ் பொண்ணு. புகாரோன்னு பயந்து திறப்பா, வேலை கேக்குறதுன்னு தெரிஞ்சதும் மூடிடுவா. போன் பண்ணி "கம்பெனி விஷயமா ஓனருக்கு ஒரு மெயில் அனுப்பணும், எந்த ஐடிக்கு அனுப்புறது"ன்னு கேளு. கொடுத்துடுவாங்க.

உப்பளம் க்யூசி
"கம்பெனி விஷயமா" என்று மூடி மறைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. "வேலை விஷயமாக" என்றே சொல்லலாம். "ஆள் எடுக்கல" என்று சொன்னால், "தெரியும்மா, விவரம் மட்டும் அனுப்பி வைக்கிறேன்" என்றால் போதும். பின்னால் அதே பெண்ணோடுதான் வேலை செய்யப்போகிறீர்கள்.

இப்போது செய்தி. உங்கள் வேலை பற்றி நான் சிலவற்றை ஊகித்திருக்கிறேன், உண்மைக்கு மாறாக இருப்பதை அடித்துவிடுங்கள்.

> பொருள்: பேட்ச் பதிவு, லேப் சோதனை வேலைகள் – பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி, கடலூர்
>
> ஐயா, வணக்கம்.
>
> உங்கள் மிக்சர், காராசேவ் பாக்கெட்டுகளைக் கடலூர் கடைகளில் வாங்குகிறோம். கம்பெனி கிருமாம்பாக்கத்தில் இருப்பதைப் பார்த்து எழுதுகிறேன். நீங்கள் ஆள் கேட்டு விளம்பரம் எதுவும் கொடுக்கவில்லை என்பது தெரியும்.
>
> நான் பால் கம்பெனி லேபில் இரண்டு வருடமாக இருக்கிறேன். சாம்பிள் எடுப்பது, பேட்ச் பதிவேடு எழுதுவது, வெளி லேபுக்கு அனுப்பி வரும் அறிக்கையைச் சரிபார்த்து வைப்பது ஆகியவை என் தினசரி வேலை. ஆறு மாத லேப் சோதனை, பேட்ச் சாம்பிள் எடுத்து வைப்பது, வறுக்கும் எண்ணெயைச் சோதித்து எழுதுவது, திரும்பி வரும் பாக்கெட்டுக்குக் காரணம் பார்ப்பது போன்றவற்றை என்னால் பார்த்துக்கொள்ள முடியும். வறுவல் எண்ணெயில் நேரடி அனுபவம் இல்லை, மீட்டரும் முறையும் காட்டினால் செய்வேன்.
>
> இவற்றை இப்போது உங்களிடம் யார் பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. இதில் ஏதாவது ஒரு பகுதிக்காவது ஆள் பயன்படும் என்று நினைத்தால், நீங்கள் சொல்லும் நாளில் நேரில் வந்து பத்து நிமிடம் பேசுகிறேன்.
>
> வீடு மஞ்சக்குப்பம், புதுச்சேரி பஸ்ஸில் வந்துபோக முடியும். இப்போதைய கம்பெனியில் ஒரு மாதம் முன்னதாகச் சொல்ல வேண்டும். ஒரு பக்க விவரம் இணைத்திருக்கிறேன்.
>
> பெயர், போன் நம்பர்

ஏன் இப்படி என்று இரண்டு இடங்களை மட்டும் சொல்கிறேன். முதல் பத்தியில் விளம்பரம் இல்லை என்பதை நீங்களே சொல்லிவிடுகிறீர்கள். இல்லாவிட்டால் "யார் சொல்லி எழுதுகிறார்" என்று அவர் யோசிப்பார், அல்லது ஆஃபீஸில் "ஆள் எடுக்கவில்லை" என்று ஒரே வரியில் பதில் போட்டுவிடுவார்கள். அந்தப் பதிலுக்கு இடமே இல்லாமல் செய்கிறது இந்த வரி.

இரண்டாவது, எண்ணெய். இதை வேண்டுமென்றேதான் சேர்த்தேன். மிக்சர் கம்பெனியில் செலவும் தொல்லையும் எண்ணெய்ச் சட்டியில்தான். எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது அது கெட்டு உண்டாகும் போலார் சேர்மங்கள் மொத்தம் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலையிலிருந்து இருக்கிறது. சட்டியில் முனையை விட்டால் சதவீதம் காட்டும் கை மீட்டர் கிடைக்கிறது. மீட்டர் இல்லாத இடத்தில் எண்ணெய் கறுக்கிறதா, நுரைக்கிறதா, கமறுகிறதா என்று பார்த்து மாஸ்டர் முடிவெடுப்பார். சீக்கிரம் கொட்டினால் பணம் போகிறது, தாமதமாகக் கொட்டினால் சரக்கு கடையில் இருக்கும்போதே சிக்கு வாடை வந்து திரும்பும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒருவர் எண்ணைக் குறித்து வைத்தால் முதலாளிக்குக் கணக்கு புரியும். லேபிளில் உள்ள பிழையைவிட இது அவருக்கு எத்தனையோ மடங்கு கிட்டத்தில் இருக்கும் விஷயம். ஆனால் பால் லேபில் இருந்தவருக்கு இது தெரியாது என்பதை அவர் ஊகித்துவிடுவார், அதனால்தான் அனுபவம் இல்லை என்பதை நீங்களே எழுதிவிடுவது.

ரப்பர் ஸ்டாம்ப் அழிந்திருப்பதைக் கடிதத்தில் தொடவே வேண்டாம். நேரில் பேசும்போது அவரே பாக்கெட்டை எடுத்துக் காட்டினால் அப்போது சொல்லிக்கொள்ளலாம்.

சில்வர்பீச் செந்தில்
நல்லாத்தான் இருக்கு. ஆனா எதிர்பார்க்கும் சம்பளம் எங்க? அத போடாம விட்டா குறைச்சலா பேசுவாங்க.

உப்பளம் க்யூசி
முதல் செய்தியில் வேண்டாம் என்பேன். என்ன வேலை என்றே முடிவாகவில்லை. முழு நேர வேலைக்கு ஒரு தொகை மனதில் வைத்து எழுதினால், வாரம் மூன்று நாள் வந்தால் போதும் என்று நினைக்கக்கூடியவரும் அந்த எண்ணைப் பார்த்து மெயிலை மூடிவிடுவார்.

வில்லியனூர் பேக்கிங்
நான் இதுல ஒத்துக்க மாட்டேன். எனக்கு தொகை வேணும். டிகிரி, லேப்னு பாத்தாலே இவங்க நமக்குக் கட்டுப்படியாகாதுன்னு நெனச்சு விட்டுடுவேன். "இப்ப வாங்குறது இவ்வளவு"ன்னு ஒரே ஒரு வரி இருந்தா கூப்பிட்டுப் பேசலாம்னு தோணும்.

உப்பளம் க்யூசி
அட்டைப்பெட்டியில் அப்படி இருக்கலாம். நிலா, இப்போது வாங்குவது குறைவு என்றால் எழுதுவதில் நஷ்டம் உங்களுக்குத்தான், ஏனென்றால் பேச்சு அங்கிருந்துதான் தொடங்கும். அதிகம் என்றால் சார் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

குடிகாடு ஃபிட்டர்
எனக்கும் இதே கேள்வி. ஐடிஐ ஃபிட்டர், பம்பு, வால்வு, பைப்லைன் எல்லாம் பாப்பேன். சிப்காட்ல சின்ன கெமிக்கல் கம்பெனிங்க இருக்கு. இதே மாதிரி மெயில் போட்டா வேலை நடக்குமா?

உப்பளம் க்யூசி
உங்களுக்கு வழி வேறு, அண்ணா. மெயின்டனன்ஸ் ஆட்களை சிப்காட்டில் பெரும்பாலும் கான்ட்ராக்டர் வழியாகத்தான் எடுப்பார்கள், முதலாளிக்கு மெயில் போனாலும் அது மெயின்டனன்ஸ் இன்சார்ஜ் கைக்குப் போய்ச்சேராது. கேட்டில் கேட்டால் எந்த கான்ட்ராக்டர் என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் சொல்லும் முறை இதேதான். "ஃபிட்டர் வேலை இருக்கா" என்று கேட்காமல், மெக்கானிக்கல் சீல் மாற்றுவேன், கப்ளிங் அலைன்மென்ட் பார்ப்பேன், கிளாஸ்லைன்டு ரியாக்டரில் வேலை செய்திருக்கிறேன் அல்லது செய்ததில்லை என்று சொல்லுங்கள். வருஷாந்திர ஷட்டவுனுக்கு முன்னால் கேட்டால் குறுகிய நாள் வேலையாவது கிடைக்கும், உள்ளே போய்விட்டால் உங்கள் வேலையைப் பார்ப்பார்கள்.

குடிகாடு ஃபிட்டர்
சரிங்க. சீல் மாத்துறது தெரியும், அத சொல்லணும்னு தோணல.

அரியாங்குப்பம் ஜெயந்தி
நிலா, ஒரு விஷயம் யாரும் சொல்லலை. மைக்ரோபயாலஜின்னு பாத்ததும் சில இடத்துல இருந்து ரொம்ப சீக்கிரமா பதில் வரும். "சர்டிஃபிகேட் காப்பி அனுப்புங்க, மாசம் ஒரு தொகை தர்றோம், நீங்க தினமும் வர வேண்டாம்"னு. லைசென்ஸுக்குப் பேர் காட்ட மட்டும் கேக்கறாங்கன்னு அர்த்தம். அதுக்குத் தலையாட்டிடாதீங்க.

உப்பளம் க்யூசி
ஜெயந்தி சொல்வதை அழுத்திச் சொல்ல வேண்டும். இதில் இரண்டு காகிதங்களைப் பிரித்துப் பாருங்கள். தொழில்நுட்ப ஆள் என்று பெயர் கொடுப்பது ஒன்று. உணவுப் பாதுகாப்புக்குப் பொறுப்பானவர் என்று கம்பெனி நியமித்து எழுதிக்கொடுக்கும் படிவம் 9 இன்னொன்று. இரண்டாவதில் கையெழுத்துப் போட்டால், சோதனையில் பொருள் பாதுகாப்பற்றது என்று வந்தால் வழக்கில் உங்கள் பெயர் வரும், 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 66-ஆம் பிரிவு அப்படித்தான் இருக்கிறது. தினமும் உள்ளே நின்று சட்டியை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் இல்லாதவர் அந்தப் பொறுப்பை ஏற்கக் கூடாது. வேலையில் சேர்ந்த பிறகும், படிவம் 9 நீட்டப்பட்டால் "தயாரிப்பை நிறுத்த எனக்கு அதிகாரம் உண்டா" என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள். ஒரிஜினல் சான்றிதழை எந்த நிலையிலும் கொடுக்காதீர்கள்.

பண்ருட்டி கோபால்
அப்போ காப்பி கொடுக்கலாமா?

அரியாங்குப்பம் ஜெயந்தி
சேரும்போது கொடுக்கலாம் ஐயா. காப்பி மேலயே குறுக்கால "வேலை விண்ணப்பத்துக்கு மட்டும்"னு எழுதி, தேதி போட்டு, கையெழுத்து போட்டுக் கொடுக்கணும்.

மஞ்சை நிலா
அனுப்பிய பிறகு பதில் வராவிட்டால்?

உப்பளம் க்யூசி
ஒரு வாரம், பத்து நாள் விடுங்கள். பிறகு அதே மெயிலுக்கு மேலேயே இரண்டு வரி பதிலாக எழுதுங்கள், புதிதாகத் தொடங்க வேண்டாம், அப்போதுதான் பழையது கீழேயே இருக்கும். அதற்கும் பதில் இல்லையென்றால் ஒரே ஒரு போன், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. காலையில் மாவு, எண்ணெய், ஆள் கணக்கு என்று ஓடிக்கொண்டிருப்பார்கள், மாலையில் லோடு. "மெயில் பாத்தீங்களா" என்று கேட்காதீர்கள், பார்க்கவில்லை என்று வெட்கப்பட வைக்கும் கேள்வி அது. "லேப், பேட்ச் வேலை விஷயமா எழுதியிருந்தேன், நேர்ல வந்து பேச ஒரு நாள் சொல்ல முடியுமா" என்று கேளுங்கள். அதற்குப் பிறகும் இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

"வந்து பாருங்க" என்றால் வேலை கிடைத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். பாதி நேரம் அது ஓசி ஆலோசனைக்கான அழைப்பாகவும் இருக்கும். லேப் அறிக்கையை நீட்டி "இது என்னன்னு பாரும்மா" என்பார்கள். படித்து விளக்கிச் சொல்லுங்கள், தப்பில்லை. முழுப் பதிவேட்டையும் உட்கார்ந்து எழுதிக் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

வில்லியனூர் பேக்கிங்
ஓசி ஆலோசனையா, நாங்க அப்படியெல்லாம் இல்லைங்க. :)
ஒண்ணு சேத்துக்கறேன். பேசி முடிவானா பிஎஃப், இஎஸ்ஐ கேட்டுக்கோம்மா. பத்து பேர்ல இருந்து இஎஸ்ஐ, சம்பளம் 21,000 வரைக்கும். பிஎஃப் இருபது பேர்ல இருந்து. இத கேட்டா யாரும் கோச்சுக்க மாட்டாங்க. கோச்சுக்கிட்டா அதுவே பதில்.

சில்வர்பீச் செந்தில்
எப்ப அனுப்பறதுன்னு யாருமே சொல்லலையே. தீபாவளிக்கு முன்னாடி அனுப்பினா சூடா எடுத்துப்பாங்க. முறுக்கு, மிக்சர் கம்பெனிக்கு அப்பதானே சீசன்.

உப்பளம் க்யூசி
சீசனில் எடுப்பது பேக்கிங்குக்கும் அடுப்புக்கும் ஆட்கள். லேப் ஆளைப் பற்றி யோசிக்க அப்போது யாருக்கும் நேரம் இருக்காது. சீசனுக்கு இரண்டு மாதம் முன்னால் அனுப்புவது நல்லது, இல்லையென்றால் தீபாவளி முடிந்து திரும்பி வரும் சரக்கை எண்ணும்போது.

வில்லியனூர் பேக்கிங்
திரும்பி வர்ற சரக்க எண்ணும்போது கையில காசு இருக்காது மேடம். அப்ப யாரையும் புதுசா எடுக்க மாட்டோம். செந்தில் சொல்றதுலயும் பாயின்ட் இருக்கு, சீசன்ல மூணு மாசத்துக்கு எடுத்துட்டு நல்லா இருந்தா வச்சுக்கலாம்னுதான் பல பேர் ஆரம்பிக்கிறாங்க.

உப்பளம் க்யூசி
மூன்று மாத ஏற்பாட்டுக்காக நிரந்தர வேலையை விட்டுவிட்டு வரச் சொல்ல முடியாதே சார்.

மஞ்சை நிலா
வாரம் மூன்று நாள் என்பது எனக்கு ஒத்துவராது, இப்போதைய வேலையை விட்டுத்தான் வர முடியும். அதனால் "ஏதாவது ஒரு பகுதிக்காவது" என்பதை "முழு நேரமாக" என்று மாற்றிக்கொள்கிறேன். FoSCoS-ல் பார்த்தேன், லைசென்ஸ் ஒரு அம்மா பெயரில் இருக்கிறது. கடையில் கேட்டால் கம்பெனியை நடத்துவது அவர் மகன் என்கிறார்கள். யார் பெயருக்கு எழுதுவது?

அரியாங்குப்பம் ஜெயந்தி
அம்மா பேருக்கு எழுதுங்க. மகன்தான் படிப்பாரு, ஆனா அம்மாவை விட்டுட்டு அவருக்கு எழுதினா யாரோ உள்ளாளுங்க சொல்லித்தான் எழுதியிருக்காங்கன்னு ஆயிடும்.

வில்லியனூர் பேக்கிங்
என்னைக் கேட்டா மகன் பேருக்கு. லைசென்ஸ் அம்மா பேர்ல இருக்கிறது லோனுக்காக இருக்கும். போன் பண்ணி மெயில் ஐடி கேக்கும்போதே யாருக்கு அனுப்பறதுன்னும் கேட்டுடு, அவங்க சொல்ற பேர போடு.